ஐந்து கோணத்துக்கும் இருபத்து நான்கு

இருபத்தேழு வயதில் காரைக்காலில் ஒரு கல்லூரிக்கு இயற்பியல் விரிவுரையாளராக வந்து சேர்ந்தேன். எழுபதுகளின் பின்பாதி. இயற்பியலில் எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கலாம் என்ற சந்தேகமே எனக்கு அப்போது வந்ததில்லை. எம்.எஸ்ஸியில் இரண்டாம் வகுப்புதான். அதைப் பற்றி யாராவது கேட்டால், வினாத்தாள் திருத்தியவரைத்தான் குறை சொல்வேன்.

நான் சிறப்பாக நடத்துகிறேன் என்று நானே முடிவுசெய்துகொண்ட பாடம் ஒன்று இருந்தது. திண்மக் கோணம். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு அதை நடத்தும் நாளில் கையில் ஒரு குடையோடு வகுப்புக்குப் போவேன். குடையை விரித்துத் தலைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் பிடித்து, "வானத்துல எவ்வளவு மறையுது?" என்று கேட்பேன். "ஏறக்குறைய எல்லாம் சார்" என்பார்கள். பிறகு ஒரு மாணவனை அந்தக் குடையோடு மைதானத்தின் கோடிக்கு ஓடச் சொல்வேன். இப்போது அதே குடையைக் கட்டைவிரலால் மறைத்துவிடலாம். பொருள் எவ்வளவு பெரியது என்பது முக்கியமல்ல. நாம் நிற்கும் இடத்திலிருந்து அது நம் வானத்தில் எவ்வளவு பங்கை அடைக்கிறது என்பதுதான் திண்மக் கோணம். பரப்பைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. நம்மைச் சுற்றியிருக்கும் முழு வானத்துக்கும் நான்கு பை, அதாவது 4π. தலைக்கு மேலே இருக்கும் பாதிக்கு இரண்டு பை. குடையோடு ஓடிய மாணவன் திரும்பி வரும்போது வகுப்பு கைதட்டும். அந்தக் கைதட்டல் எனக்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் துறைத்தலைவர் ஒரு பெண்மணி. பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர். பிரெஞ்சில் படித்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு மாறியவர். பேச்சு குறைவு, பேசினால் அதில் மிகையென்று ஒரு வார்த்தையைக்கூட எடுக்க முடியாது. ஒருநாள் அவர் என்னை அழைத்து, "மூணாம் வருஷத்துக்கு வெப்பத்துல புதுசா ஒரு பரிசோதனை வேணும். உங்களால அமைக்க முடியுமா?" என்றார்.

"முடியுமாவா மேடம்?" என்றேன். அன்று மாலையே படம் வரைந்துவிட்டேன்.

அமைப்பு எளிதானது. நான்கு அங்குலச் சதுரமாக ஓர் இரும்புத் தகடு. முன்பக்கம் முழுக்க விளக்குப் புகையின் கரி. பின்பக்கத்தில் சூடாக்கும் கம்பிச்சுருள், அதற்குப் பின்னால் வெப்பம் போகாமல் கல்நார். தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதற்கு நேர் அடியில் ஒரு மரக்கையைச் சுழலும்படி பொருத்தினோம். கையின் நுனியில், தகட்டிலிருந்து ஓர் அடி தூரத்தில், தெர்மோபைல். வெப்பக் கதிர் தன்மேல் விழுந்தால் சிறிது மின்சாரம் தரும் கருவி அது. அந்த மின்சாரத்தைக் கால்வனாமீட்டர் காட்டும். அதன் முள் எல்லை தாண்டாமல் இருக்க, மின்சாரத்தில் பெரும்பங்கை வேறு வழியில் திருப்பிவிடும் ஷண்ட் கம்பி ஒன்றும் இருந்தது. கையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் தெர்மோபைலின் முகம் தகட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். பலகையில் கோணங்களைக் குறித்திருந்தோம்: தகட்டுக்கு நேரெதிராகப் பூஜ்யம், பிறகு பதினைந்து பதினைந்தாக எழுபத்தைந்து டிகிரி வரை. நேரெதிரில் நின்றால் தகடு முழுதாகத் தெரியும். பக்கவாட்டில் போகப் போக அது ஒடுங்கிக்கொண்டே போகும்.

"அமைத்தேன்" என்று சொல்வது அநியாயம். அமைத்தவர் ஆய்வகத்தின் அட்டெண்டர். ஐம்பதைத் தாண்டியவர், காரைக்கால் டவுன்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் ஆர்மோனியப் பெட்டி வாசிப்பார். மற்ற நாட்களில் எங்கள் கருவிகளை உயிரோடு வைத்திருப்பார். கடல் காற்றில் ஆய்வகத்தில் துருப்பிடிக்காத பொருள் கண்ணாடி ஒன்றுதான். நான் செய்த வேலை, நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணே, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சொன்னது.

அத்தோடு மாணவர்களுக்குச் செய்முறை விளக்கும் கைப்பிரதி ஒன்றும் எழுதினேன். சைக்ளோஸ்டைலில் நாற்பது பிரதி. அதில் என்ன விடை வரவேண்டும் என்பதையும் முன்கூட்டியே அழுத்தமாக எழுதிவைத்தேன். கரி பூசிய தகடு எல்லாத் திசையிலும் ஒரே செறிவோடு கதிர் வீசும். ஆனால் சாய்ந்து பார்க்கும்போது தகடு ஒடுங்கித் தெரிவதால் வந்து சேரும் ஆற்றல் கோணத்தின் கொசைன்படி குறையும். அறுபது டிகிரியில் சரிபாதி. செறிவைத் தகட்டின் பரப்பாலும் இரண்டு பையாலும் பெருக்கினால் தகடு வீசும் மொத்த ஆற்றல் கிடைக்கும். இப்படி எழுதி அடியில் என் பெயரையும் பட்டத்தையும் போட்டுக்கொண்டேன். பட்டத்தின் எழுத்துகள் பெயரைவிடச் சற்றுப் பெரியவை.

கருவி ஒன்றே என்பதால் மாணவர்கள் ஒவ்வொருவராக, பிற்பகல் வேளைகளில் வந்து செய்தார்கள். முதல் வாரம் வந்த பதிவேடுகள் என்னை மகிழ்ச்சியில் மிதக்கவைத்தன. அறுபது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, முப்பது, பதினைந்து. கொசைன் அட்டவணை அப்படியே எழுந்து நடந்து வந்ததுபோல் இருந்தது. அடுத்தவன் பதிவேட்டிலும் அறுபது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. அதற்கடுத்தவனும் அதுவே. ஆசிரியர் அறையில் கணக்குப் பாட ஆசிரியரிடம் காட்டி, "பார்த்தீங்களா, கருவி நல்லா அமைஞ்சா இப்படித்தான்" என்றேன். பதினோரு பேருக்கும் பத்துக்குப் பத்து.

பன்னிரண்டாவது பதிவேடு ஒரு பெண்ணுடையது. டவுனில் தையற்கடை வைத்திருந்தவரின் மகள். வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்காருவாள். கேள்வி கேட்டால்தான் பேசுவாள். அவள் எழுதியிருந்த அளவுகள்: இருபத்து நான்கு, இருபத்து நான்கு, இருபத்து நான்கு, இருபத்து நான்கு, இருபத்து நான்கு. எழுபத்தைந்து டிகிரியில் மட்டும் பதினேழு.

நான் அட்டவணையைப் பார்த்தேன், வரைபடத்தைப் பார்த்தேன். வரைபடத்தில் ஒரு கோடு தரையோடு தரையாகப் போய்க் கடைசியில் தடுக்கி விழுந்திருந்தது. அட்டவணைக்கு முன்னால் இரண்டு பக்கம் அவள் ஏதோ எழுதியிருந்தாள். அதைப் படிக்கவில்லை. எழுதியதைப் படிப்பது மாணவர்களின் வேலை, என் வேலை திருத்துவது என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

மறுநாள் வகுப்பில் அவளை எழுப்பினேன்.

"கையை நகர்த்தினியாம்மா, இல்ல ஒரே இடத்துல வச்சுக்கிட்டு ஆறு வாட்டி எழுதினியா?"

"நகர்த்தினேன் சார்."

"நகர்த்தினா எப்படி ஒரே எண் வரும்? பதினோரு பேருக்கு வராதது உனக்கு மட்டும் வருமா?"

"வந்துச்சு சார்."

"சோம்பேறித்தனத்தைக்கூட மன்னிச்சுடுவேன். அறிவியல்ல பொய் சொன்னா மன்னிக்க மாட்டேன்." இந்த வாக்கியத்தை எங்கேயோ சொல்லவேண்டும் என்று நெடுநாளாக வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு சரளமாக வந்தது.

அவள் அழவில்லை. "சார், எல்லாத் திசையிலயும் செறிவு ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப ஒரே எண் வர்றது தப்பா சார்?" என்றாள்.

"எதிர்த்துப் பேசாதே, உட்காரு" என்றேன். சிவப்பு மையால் பூஜ்யம் போட்டேன். வட்டம் பெரிதாக விழுந்தது.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோதுதான் அவளுடைய கேள்வி என் பின்னால் வருவது தெரிந்தது. செறிவு ஒன்றேதான். அதை நான்தான் சொன்னேன். கருவி காட்டுவது குறைகிறது. அதையும் நான்தான் எழுதினேன். அப்படியானால் செறிவு என்பது எது? கருவி எதைக் காட்டுகிறது? கடைத்தெருவில் காப்பி குடிக்கும்போது இதை எனக்கே விளக்கிப் பார்த்தேன். பாதியில் நின்றது. மறுபடி தொடங்கினேன். அதே இடத்தில் நின்றது. மாணவர்களிடம் நின்றிருந்தால் குடையை விரித்திருப்பேன். எனக்கு நானே குடை விரித்துக்காட்ட முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஆய்வகத்துக்குப் போனேன். அட்டெண்டர் மின்கல ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வியாழக்கிழமை அந்தப் பொண்ணு பரிசோதனை செஞ்சப்ப நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேனே சார். நீங்கதான் இல்ல." அதில் குத்தல் எதுவும் இல்லை; அவர் தகவல்தான் சொன்னார். நான் அன்று ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தபடி, மாணவர்களிடம் நேர்மை குறைந்துவருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"ஒழுங்காத்தான் செஞ்சாளா?"

"ரொம்பப் பொறுமையான பொண்ணு சார். ஒவ்வொரு டிகிரிக்கும் முள்ளு அடங்குற வரைக்கும் உக்காந்திருந்துச்சு. அன்னைக்குக் கடல்காத்து வேற. இந்த சன்னல் கொக்கி துரு புடிச்சு ஒடைஞ்சுபோச்சுல்ல, படார் படார்னு தெறக்குது. காத்து பட்டா தெர்மோபைல் முள்ளு ஒரு எடத்துல நிக்காது. அதான் பெட்டில இருந்த பித்தளைக் குழாய எடுத்து முன்னாடி மாட்டிவிட்டேன்."

"குழாயா?"

அவர் எடுத்துக் காட்டினார். ஆறு அங்குல நீளம், அரை அங்குலம் அகலம். உள்ளே கறுப்புப் பூச்சு. தெர்மோபைலோடு வந்ததுதான். பெட்டியில் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

"மாட்டினதும் முள்ளு மூணுதான் காட்டுச்சு. பத்தலன்னு அந்தப் பொண்ணே ஷண்ட்ட எடுத்துட்டு மறுபடி பூஜ்யம் பாத்து ஆரம்பிச்சுது. எல்லாத்தையும் நோட்டுல எழுதியிருக்குமே சார்?"

எழுதித்தான் இருந்தாள். முதல் பக்கத்தில், மூன்றாவது வரியில்.

"மாட்டுங்க அண்ணே" என்றேன். ஷண்ட்டை எடுத்துவிட்டுத் தகட்டைச் சூடாக்கினோம். குழாயோடு நேரெதிரில் இருபத்து நான்கு. கையை முப்பது டிகிரிக்கு நகர்த்தினேன். இருபத்து நான்கு. அறுபது டிகிரி. முள் கொஞ்சம் யோசித்துவிட்டு இருபத்து நான்கில் வந்து நின்றது. எழுபத்தைந்தில் பதினேழு. குழாயைக் கழற்றி ஷண்ட்டைச் சேர்த்தேன். நேரெதிரில் அறுபது, அறுபது டிகிரியில் முப்பத்தொன்று. இரண்டும் உண்மை. ஒரே தகடு, ஒரே கருவி. இடையில் ஒரு பித்தளைக் குழாய், அவ்வளவுதான்.

அந்தக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கல்லூரிச் சுற்றுச்சுவருக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். காலை வெயில் அதன்மேல் விழுந்து கண் கூசியது. சாலைப்பக்கம் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழாய் வழியாகச் சுவரைப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு வட்டம். பக்கவாட்டில் நடந்தபடி அதே இடத்தைப் பார்த்தேன். சுவர் சாய்ந்துகொண்டே போனது. வட்டத்தின் வெளிச்சம் குறையவே இல்லை. நேராகப் பார்த்தாலும் சாய்ந்து பார்த்தாலும் அதே வெள்ளை. முன்னும் பின்னும் நான்கு தடவை நடந்தேன்.

பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றிருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திருமலைராயன்பட்டினத்துத் துணிக்கடைக்காரர், இரண்டு முறை அவர் கடையில் சட்டைத்துணி எடுத்திருக்கிறேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு அருகில் வந்தார்.

"என்ன சார், பிறை பாக்குறீங்களா? நோன்புக்கு இன்னும் நாள் இருக்கே."

"இல்ல பாய், சுவரைப் பாக்குறேன்."

"சுவத்தையா?" அவர் சுவரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெறுங்கண்ணுக்கே நல்லாத் தெரியுதே சார்."

பஸ் வந்தது. அவர் ஏறி உட்கார்ந்த பிறகும் சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

சுவரை அவர் வெறுங்கண்ணால் கண்டார். எனக்குக் குழாய் தேவைப்பட்டது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். குழாய் வழியாகப் பார்க்கும்போது நான் சுவர் முழுவதையும் பார்ப்பதில்லை. குழாய் அனுமதிக்கும் ஒரு துண்டை மட்டுமே பார்க்கிறேன். நேரே நின்றால் அந்தத் துண்டு வட்டம். சாய்ந்து நின்றால் அது நீண்டு முட்டை வடிவமாகி, அதிகப் பரப்பு குழாய்க்குள் வருகிறது. அறுபது டிகிரியில் இரண்டு மடங்கு. அதே கோணத்தில் ஒவ்வொரு சதுர அங்குலமும் என் பக்கம் அனுப்புவது பாதியாகிறது. இரண்டு மடங்கில் பாதி. ஒன்று கூட்டுவதை மற்றது கழித்துவிடுகிறது. குழாய் இல்லாத தெர்மோபைலுக்கோ தகட்டின் நான்கு அங்குலமும் எப்போதும் தெரியும். கூடுவதற்கு எதுவும் இல்லை. அதனால் கொசைன்படி குறைகிறது.

செறிவு என்பது ஒரு திசையில், ஓர் அலகு திண்மக் கோணத்துக்குள், ஓர் அலகு பரப்பு அனுப்பும் ஆற்றல். எந்தப் பரப்பு? அந்தத் திசையிலிருந்து பார்க்கும்போது தெரிகிற பரப்பு. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கைப்பிரதியில் விட்டிருந்தேன். வகுப்பில் சொல்லவும் இல்லை. குடை விரிக்கும் மும்முரத்தில் மறந்திருப்பேன். எல்லாத் திசையிலும் மாறாத அந்தச் செறிவை அந்த வகுப்பில் உண்மையிலேயே அளந்தவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் பூஜ்யம்.

இதைத் துறைத்தலைவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், சொல்ல முன்வந்ததற்காகப் பாராட்டுவார் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. திங்கட்கிழமை காலை பதிவேடுகளை எல்லாம் சுமந்துகொண்டு அவர் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். சுவர், குழாய், முட்டை வடிவம் எல்லாம் சொன்னேன். துணிக்கடைக்காரரை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அந்தப் பெண்ணின் பதிவேட்டைத் திறந்தார். முதல் பக்கத்திலிருந்து, வரி வரியாகப் படித்தார். அப்படிப் படிக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்ததுபோல் இருந்தது.

"இதுல பென்சில்ல ஏதோ எழுதியிருக்கா. பாத்தீங்களா?"

கடைசிப் பக்கம். தகடு வீசும் மொத்த ஆற்றல் ஐம்பத்தெட்டு வாட் என்று என் சூத்திரப்படி கணக்கிட்டிருந்தாள். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'சுருளுக்குக் கொடுத்த மின்சாரம் 50 வாட்தானே?'

"மத்தவங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?" என்றார்.

புரட்டினேன். எல்லோருக்கும் ஐம்பத்தெட்டு. பதினோரு ஐம்பத்தெட்டுக்கும் பக்கத்தில் என் சிவப்பு டிக்.

"ஐம்பது வாட் உள்ள போகுது. ஐம்பத்தெட்டு வாட் கதிரா வெளிய வருது. சூடான காத்தா மேல போறது தனி. இந்தத் தகட்ட வச்சு ஊருக்கே கரண்ட் குடுக்கலாமே?"

பதிவேடுகளை மறுபடி புரட்டினேன். "கருவில ஏதாவது..."

"கருவியச் சொல்லாதீங்க. ஏன் இரண்டு பையால பெருக்கினீங்க?"

"அரைக்கோளத்துக்குத் திண்மக் கோணம் இரண்டு பை மேடம். செறிவு எல்லாத் திசையிலயும் ஒண்ணு. அதனால..." என்று தொடங்கியவன் நின்றேன். சனிக்கிழமை சுவரோரம் நாலு தடவை நடந்து கற்றுக்கொண்டதை, திங்கட்கிழமைக்குள் மறந்திருந்தேன்.

அவர் மேசைமேல் இருந்த அஞ்சலட்டை ஒன்றை எடுத்து என் முகத்துக்கு எதிரே பிடித்தார். மெதுவாகத் திருப்பினார். அட்டை ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் ஒரு கோடாக நின்றது.

"இந்த ஓரத்துப் பக்கம் போற கதிருக்கும் நேரா போறதுக்கும் ஒரே பங்கு குடுத்துட்டீங்க. ஓரத்துல நிக்கிறவனுக்குத் தகடே தெரியாதே, அவனுக்கு என்ன வந்து சேரும்? ஒவ்வொரு திசைக்கும் கொசைன் போட்டு, அரைக்கோளம் முழுக்கக் கூட்டினா என்ன வரும்?"

காகிதத்தில் போட்டேன். ஒரு தடவை தப்பாக வந்தது. இரண்டாம் தடவை பை மட்டும் வந்தது. இரண்டு இல்லை. கொசைனின் சராசரி அரைக்கோளம் முழுதும் பாதி. இரண்டு பையில் பாதி பை. ஐம்பத்தெட்டு இருபத்தொன்பது ஆனது. மிச்ச இருபத்தொன்று வாட் சூடான காற்றாகவும் பின்பக்கத்து இழப்பாகவும் போயிருக்கும். கணக்கு ஒழுங்காக உட்கார்ந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"கைப்பிரதி வந்த அன்னைக்கே பார்த்தேன். வெளிய வர்ற வாட்ட உள்ள போற வாட்டோட ஒப்பிட்டுப் பாத்து யாராவது கேக்குறாங்களான்னு ஒரு மாசம் பொறுக்கலாம்னு நினைச்சேன். ஒருத்தி கேட்டிருக்கா." பதிவேட்டை மூடி என்னிடம் நீட்டினார். "அவள வகுப்புல வச்சுத்தானே பொய்காரின்னு சொன்னீங்க?"

"ஆமா மேடம்."

"அப்ப வகுப்புல வச்சே பேசுங்க." அதோடு அவர் வேறு காகிதத்தை எடுத்துக்கொண்டார். பாராட்டு வரவில்லை.

அன்று பிற்பகல் வகுப்புக்கு நான் குடை கொண்டுபோகவில்லை. நின்றபடியே சொன்னேன்: "வியாழக்கிழமை இந்தப் பொண்ணு எழுதின அளவுகள் சரி. நான் படிக்காம பூஜ்யம் போட்டேன். பொய்ன்னு சொன்னது என் தப்பு. என்னை மன்னிச்சுக்கம்மா." தயார் செய்து வைத்திருந்த நீண்ட பேச்சு ஒன்று இருந்தது. அறிவியலின் அடக்கம் பற்றி அதில் ஒரு பத்தி வரும். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். நல்லவேளை.

அவள் எழுந்து நின்றாள். "சரிங்க சார்" என்றாள். உட்காரவில்லை. "எழுபத்தஞ்சு டிகிரில மட்டும் ஏன் சார் குறைஞ்சுச்சு?"

நான் அதை யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை என் கண்ணெதிரே பதினேழு வந்தது. இருபத்து நான்குகளின் பரவசத்தில் அதைக் கடந்துபோயிருந்தேன்.

"தெரியலம்மா."

ஆசிரியராக நான் அந்தக் கல்லூரியில் சொன்ன முதல் 'தெரியல' அதுதான். வானம் இடிந்து விழவில்லை.

"எனக்கு ஒண்ணு தோணுது சார்" என்றாள். "அவ்வளவு சாய்ஞ்சா, குழாய் பாக்குற இடம் ரொம்ப நீண்டுபோயிருமில்ல? தகட்டத் தாண்டிப் பின்னாடி இருக்கிற சுவரும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். சுவரு குளிர்ச்சி. அதனால குறைஞ்சிருக்கும்."

பலகையில் வரைந்து பார்த்தோம். குழாயின் பார்வை நேரெதிரில் ஒன்றரை அங்குல வட்டம். அறுபது டிகிரியில் மூன்று அங்குல நீளம்; தகட்டுக்குள் அடங்கும். எழுபத்தைந்தில் ஆறு அங்குலத்தைத் தொடும். தகடோ நான்கு. அவள் சொன்னது சரி.

மிச்சம் பதினோரு பேர் இருந்தார்கள். சனிக்கிழமை நானே குழாய் இல்லாமல் அளந்தபோது அறுபது டிகிரியில் முப்பத்தொன்று வந்தது என்றேன். பதினோரு பேருக்கும் துல்லியமாக முப்பது வந்தது எப்படி என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து பட்டினச்சேரிப் பையன் ஒருவன் எழுந்தான்.

"சார், நேரா வச்சு ஒரு அளவு எடுத்தோம். மீதிய உங்க கைப்பிரதியில இருந்த மாதிரி கொசைன் போட்டு எழுதிட்டோம்."

"ஏன்?"

"முள்ளு காத்துல ஆடிக்கிட்டே இருந்துச்சு சார். விடை என்னன்னுதான் நீங்களே எழுதியிருந்தீங்களே. மாத்தி எழுதினா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சோம்."

அவர்கள் என்னைச் சரியாகவே அளந்திருந்தார்கள். கோபப்பட எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. பதினோரு பத்துக்குப் பத்தையும் அடித்துவிட்டு, எல்லோரையும் மறுபடி செய்யச் சொன்னேன். குழாயோடு ஒருமுறை, குழாய் இல்லாமல் ஒருமுறை. அட்டெண்டர் சன்னலுக்குச் சணல்கயிறு போட்டுக் கட்டினார். இந்த முறை வந்த எண்கள் அறுபது, ஐம்பத்தாறு, ஐம்பத்து மூன்று, நாற்பது என்று தள்ளாடிக்கொண்டு வந்தன. அவை அழகாக இல்லை. ஆனால் ஒவ்வொருவனுக்கும் அவனவன் எண்.

நாற்பது கைப்பிரதியிலும் 'இரண்டு பை' என்றிருந்ததில் இரண்டை என் கையாலேயே அடித்தேன். விடுபட்ட வாக்கியத்தை ஓரத்தில் எழுதினேன். விடை சொன்ன பத்தியைக் குறுக்கே கோடிட்டு நீக்கினேன். இதற்கு இரண்டு மாலைகள் போயின. ஆசிரியர் அறையில் கணக்குப் பாட ஆசிரியர் எட்டிப் பார்த்து, "கருவி நல்லா அமைஞ்சா இப்படித்தானா?" என்று கேட்டார். அடுத்த பிரதியை எடுத்து இரண்டை அடித்தேன்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வந்தார். அந்தப் பெண்ணுக்கு இந்தப் பரிசோதனையே விழவேண்டும், அவள் அவரைத் திகைக்கவைக்க வேண்டும், பக்கத்தில் நான் அடக்கமாக நிற்கவேண்டும் என்று கற்பனை செய்திருந்தேன். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு லென்ஸின் குவியத்தூரம் வந்தது. அரைமணியில் முடித்துவிட்டுப் போய்விட்டாள். கரித்தகடு யாருக்கும் விழவே இல்லை.

அவள் பாண்டிச்சேரிக்குப் போய் மேற்படிப்பு முடித்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பொங்கல் விடுமுறையில் கடைத்தெருவில் பார்த்தேன். ஓர் உலோக ஆலையில் உலைகளின் வெப்பநிலை அளக்கும் பிரிவில் வேலை என்றாள். "தூரத்துல இருந்து குழாய் வழியா பாத்தே சூட்டச் சொல்லணும் சார். எந்தப் பக்கத்துல நின்னு பாத்தாலும் ஒண்ணுதான். குழாய்க்குள்ள உலை முழுசா நெறைஞ்சிருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அப்பாவின் கடைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். பூஜ்யத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு எனக்கு மாகிக்கு மாற்றல் வந்தது. அங்கேயும் ஒரு கைப்பிரதி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன், புதிதாகச் சேர்ந்திருந்த இளம் விரிவுரையாளரிடம் கொடுத்து, "தப்பு இருந்தா அடிங்க" என்றேன். இருக்காது என்ற நம்பிக்கையோடுதான் கொடுத்தேன். மறுநாள் காலை அவர் தயங்கித் தயங்கி வந்து நீட்டினார். மூன்று இடத்தில் சிவப்பு மை. மூன்று திருத்தங்களும் சரியாக இருந்தன.